அச்சு அசல் அதே மாடல்

காலைக் கொஞ்சம் இப்படி ஒதுக்கி வச்சுக்கோங்க தங்கச்சி, பெட்டி இடிக்கும். மேல வைக்கச் சொன்னாரு கண்டக்டர், மாட்டவே மாட்டேன்னுட்டேன். மேல வச்சு, சாத்தூர் பக்கம் ஒரு பிரேக்கைப் போட்டார்னா யாரு பதில் சொல்றது? உள்ள இருக்கது தையல் மெஷின். ஜப்பான் மெஷின். ஏற்கெனவே ஒரு தடவை அடிபட்டுப் போச்சு. அடின்னா கீழ விழுந்த அடி இல்ல, கரண்ட் அடி. அதைச் சரி பண்ணத்தான் மதுரைக்குப் போறேன்.

நீங்களும் மதுரைதானா? நல்லதாப் போச்சு. இந்தாங்க, கடலைமிட்டாய். கோவில்பட்டிக்காரி குடுத்தா வேண்டாம்னு சொல்லக் கூடாது.

என் பேரு செண்பகவல்லி. முப்பது வருசமா ஜாக்கெட் தைக்கேன். நான் தைச்ச ஜாக்கெட்ல கைக்குழியில சுருக்கம் விழுந்துச்சுன்னு ஒருத்தி வந்து சொல்லட்டும், தொழிலையே விட்டுடறேன். கைக்குக் குறை இல்ல. கண்ணுதான் மூணு வருசமா வம்பு பண்ணுது. துணி தெரியும், கோடு தெரியும், ஊசிக் காது மட்டும் தெரியாது. நூல் நுனியை எச்சி பண்ணி, கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, ஊசியை முறைச்சுப் பார்த்து, கடைசியில அடுத்த வீட்டுப் பிள்ளையக் கூப்பிட்டுக் கோக்கச் சொல்லணும். தையல்காரிக்கு இதைவிட அவமானம் உண்டா? சொல்லுங்க.

எனக்கு ஒரே தம்பி, கதிரேசன். அம்மா போகும்போது அவனுக்கு ஒம்பது வயசு, எனக்குப் பதினெட்டு. நான் அவனுக்கு அம்மா மாதிரி. மாதிரி என்ன, அம்மாதான். ஜப்பான்ல ஒசாகான்னு ஒரு ஊரு, அங்க மெஷினுக்கு டிசைன் போடுற கம்பெனியில இருக்கான். பதினோரு வருசம் ஆச்சு. நாப்பத்தொண்ணு நடக்குது, இன்னும் கல்யாணம் ஆகல. ஆகலைன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப அது வேற கதை, அதுக்கு வாரேன்.

எத்தனை பொண்ணு பார்த்திருப்பேன் தெரியுமா? போன்ல போட்டோ அனுப்புவேன். உடனே ரெண்டு நீலக் கோடு விழும். பார்த்துட்டான்னு அர்த்தம். அப்புறம், 'இது வேண்டாம்க்கா.' அவ்வளவுதான். ஏன் வேண்டாம்னு கேட்டா, 'நல்ல பொண்ணுதான்க்கா, வேண்டாம்.' ஒரு வார்த்தை கூடக் குறைச்சுச் சொல்ல மாட்டான் யாரையும். அந்தக் குணம் நான் வளத்த வளப்பு.

அந்தக் காலத்துல அவன் மனசுல ஒரு சலனம் இருந்துச்சு. வயசுப் பிள்ளைகளுக்கு வாரதுதான், காய்ச்சல் மாதிரி. அடுத்த தெருவுல புளோரான்னு ஒரு பொண்ணு, வேதக்காரவுக வீட்டுப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவுக. அப்பத்தான் டீச்சர் வேலைக்குச் சேந்திருந்தா. நான் ஒரு வார்த்தை சொன்னேன், கேட்டுக்கிட்டான். சண்டை இல்ல, சத்தம் இல்ல. ரெண்டே மாசத்துல ஜப்பான் வேலைய வாங்கிட்டுக் கிளம்பிட்டான். அவனா ஆசைப்பட்டுப் போனதுதான். அவளும் அப்புறம் கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு தெரியல. ஏதாவது குறை இருக்கும்.

அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு அன்னைக்குச் சொன்னவ நான். பத்து வருசத்துக்கு மேல மிதிக்கவும் இல்ல. போன வருசம் வோட்டர் லிஸ்ட் திருத்துறோம்னு ஃபாரம் குடுத்தாங்க பாருங்க, அதுல வந்துச்சு வினை. அந்த வேலைக்கு டீச்சர்மார்களைத்தான் போடுறாக. எங்க தெருவுக்கு யாரு? புளோரா. ஊருல வேற டீச்சரே இல்ல! எங்க வீட்டுக்காரரைப் போயிக் குடுத்துட்டு வரச் சொல்லலாம்னா, அவரு லோடு ஏத்திக்கிட்டுத் தூத்துக்குடி போயிட்டாரு. கடைசி நாளு. ஓட்டு முக்கியம் இல்லையா? போனேன். படியைத் தாண்டித்தான் போனேன், மிதிக்கல.

'வாங்கக்கா, உக்காருங்க'ன்னா. உக்காரல. ஜன்னல் பக்கம் மேசையில இருந்துச்சு தங்கச்சி, அந்த மெஷின். வெள்ளை நிறம், நம்ம மெஷின்ல பாதி உயரம். நான் ஃபாரத்தைக் குடுக்கும்போது அவ ஒரு குட்டித் துணியில பூப்போட்டுக்கிட்டு இருந்தா. நூல் தீந்துபோச்சு. வேற நூலை மாட்டி, பக்கத்துல ஒரு கம்பியை விரலால கீழ அமுக்குனா. ஊசிக் காதுக்குள்ள ஒரு பொடிக் கொக்கி நுழைஞ்சு, நூலைப் பிடிச்சு, மறுபக்கம் இழுத்துட்டு வந்துருச்சு. கண்ணைச் சுருக்கல, எச்சி பண்ணல, ஒண்ணுமில்ல. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. பொய் சொல்லுவானேன்? பகல்லயே லைட்டு வேற எரியுது ஊசிமேல. பாடம் நடத்துறவளுக்கு அந்த மெஷின், தைச்சுப் பிழைக்கிறவளுக்கு எச்சி பண்ணின நூலு.

ஃபாரத்துல என் போட்டோ சரியா ஒட்டலன்னு பசை எடுக்க உள்ள போனா. டக்குனு போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்துட்டேன். அவசரத்துல லேசா ஆடிப்போச்சு. மெஷின் மேல எல்லாம் சைனா எழுத்து. கட்டைவிரல் தண்டி பட்டன் ஒவ்வொண்ணுக்கும் கீழயும் சைனா எழுத்து. கம்பெனிப் பேரு மட்டும் இங்கிலீஷ்ல. மேசைக்கு அடியில செங்கல் தண்டி ஒரு இரும்புப் பெட்டி 'ம்ம்'முன்னு முனகிக்கிட்டு இருந்துச்சு. அது என்ன எழவுன்னு நான் கண்டுக்கல.

வீட்டுக்கு வந்து தம்பிக்கு அனுப்பிட்டேன். 'கதிரு, இது மாதிரி ஒரு மெஷின் அக்காவுக்கு வேணும். இதே கம்பெனி, இதே மாடல், அச்சு அசல் இதே. அங்க விசாரி.' நமக்குப் பகல் பதினொண்ணு, அவனுக்கு ரெண்டரை மணி. சனிக்கிழமை, லீவு. உடனே நீலக் கோடு விழுந்துச்சு. 'டைப் பண்றார்'னு வந்துச்சு. நின்னுபோச்சு. திரும்ப வந்துச்சு. நின்னுபோச்சு. கால் மணி நேரம் அப்படியே வருது, போகுது. பாவம், பிள்ளை நெட்டுல தேடுறான்னு நினைச்சேன். கடைசியில வந்தது நாலே வார்த்தை. 'அக்கா, இது எங்க எடுத்த?'

அவ வீட்டுலன்னு சொல்ல முடியுமா? பஜார்ல ஒரு கடையிலன்னேன். எந்தக் கடைன்னான். பேரு ஞாபகம் இல்ல, இப்ப மூடிட்டாங்கன்னேன். 'சரிக்கா, வலது பக்கம் ஒயரு சொருகுற இடத்துல ஒரு தகடு இருக்கும், மாடல் நம்பர், வோல்ட் எல்லாம் அதுலதான் இருக்கும். அதை எடுத்து அனுப்ப முடியுமா? போட்டோவா அனுப்பாத, எழுத்து கலங்கிரும், டாகுமெண்ட்டா அனுப்பு'ன்னான். கடைதான் மூடிட்டாங்களேடா, எங்க போயி எடுக்கன்னேன். அப்புறம் பத்து நிமிசத்துல, தகடு இல்லாமலேயே, அவனே மாடல் நம்பரை அனுப்பிட்டான்! எழுத்து, நம்பர், கோடு போட்டு இன்னொரு எழுத்து. ஆடிப்போன போட்டோவைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டான் தங்கச்சி. என்ன மூளை! தெரு முழுக்கச் சொன்னேன்.

அதோட விட்டானா? மெஷினைப் பத்தி விலாவாரியா எழுதினான். 'அக்கா, இது ஜப்பானுக்குள்ளயே விக்கிறதுக்குச் செஞ்சது. நூறு வோல்ட். நம்ம ஊருக் கரண்ட் இருநூத்தி முப்பது. நேரா சொருகினா உள்ள போர்டு வெடிச்சிரும். அதுக்குத்தான் அடியில அந்த டிரான்ஸ்பார்மர் பெட்டி. முதல்ல பெட்டி சுவிட்ச், அப்புறம்தான் மெஷின் சுவிட்ச். அடிநூலுக்கும் நம்ம ஊரு இரும்புப் பாபின் சேராது, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்ல வரும். கெட்டித் துணியில அஞ்சாம் நம்பர் பூ போட்டா நூலு சிக்கும்.' இவ்வளவும் எழுதியிருந்தான். பெட்டி மேசைக்கு அடியில இருந்துச்சு, போட்டோல அடியே தெரியல. அதையும் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க! அந்த எழுத்து சைனா எழுத்து இல்லக்கா, ஜப்பான் எழுத்துன்னும் சொன்னான். ஓஹோ, அப்படின்னா ரொம்ப நல்லதாப் போச்சுன்னேன்.

என்ன தங்கச்சி சிரிக்கீங்க? ஆமா. இப்ப சிரிக்கலாம். அன்னைக்கு எனக்குத் தோணல. தம்பி கெட்டிக்காரன்னு சந்தோஷமா இருக்கும்போது வேற எது தோணும்?

அவன் என்னை மாத்தத்தான் பார்த்தான், அதையும் சொல்லணும். 'வெளிநாட்டுக்காரங்க வாங்குறதுக்குன்னே இங்க கடையில தனிப் பிரிவு இருக்கு, இருநூத்தி இருபது வோல்ட் மாடல், இங்கிலீஷ் எழுத்து, பெட்டி கிட்டி வேண்டாம், ஊசியில நூல் கோக்குற கொக்கியும் உண்டு'ன்னு நாலு படம் அனுப்புனான். ஒண்ணு நீலம், ஒண்ணு ரோஸ். எனக்குப் பிடிக்கல. 'மதுரையிலயே வாரண்டியோட கிடைக்கும், ரிப்பேர்னா உடனே பார்க்கலாம்க்கா'ன்னான். வேண்டாம்னேன். 'அந்த மாடலை நிறுத்தி நாலு வருசம் ஆச்சுக்கா, புதுசா இல்லவே இல்ல'ன்னான். அப்பப் பழசு பாருன்னேன். அங்க பழைய சாமான் விக்கிற கடை பெருசு பெருசா உண்டாமே, சுத்தமாத் துடைச்சு, ஓட்டிப் பார்த்து வச்சிருப்பாகளாம். மூணு ஞாயித்துக்கிழமை அலைஞ்சான். ஒண்ணு கிடைச்சுச்சு, அதுல பூப்போடுற வசதி இல்ல. இன்னொண்ணுல காலு மிதிக்கிற கட்டை இல்ல. எனக்கு அதேதான் வேணும்னு நின்னுட்டேன். அவகிட்ட இருக்கிறது என்கிட்ட இருக்கணும், அதுல ஒரு நூல் குறையக் கூடாது. இப்படி வெளியில சொல்லல. மனசுல இருந்துச்சு.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு, அதையும் கேளுங்க. எங்க தெருவுல ஒரு போலீஸ்காரர் வந்து விசாரிச்சாரு. புளோரா பாஸ்போர்ட்டுக்கு எழுதியிருக்காளாம். 'எப்படிப்பட்ட பொண்ணு, ஏதும் வம்பு தும்பு உண்டா'ன்னு என்கிட்ட கேட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள குளுந்துபோச்சு. எங்கயோ போகப் போறா, ஊரை விட்டு ஒழியப் போறா. 'தங்கமான பொண்ணு சார். அப்படி ஒரு பொண்ணை இந்த ஊருலயே பார்க்க முடியாது. சீக்கிரம் அனுப்பி வைங்க'ன்னேன். அவரு காமிச்ச இடத்துல கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். டீயும் போட்டுக் குடுத்தேன் அவருக்கு.

அப்புறம் ஒருநாள் தம்பி போன் பண்ணினான். குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. 'அக்கா, அதே மெஷின்தான் வேணுமா? வேற எதுவும் உனக்குச் சரிப்படாதா?' ஆமாடான்னேன். 'அது கிடைச்சா சந்தோஷப்படுவியா? எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டியே?' எங்கேருந்து வந்தா எனக்கு என்னடா, நீ அதைக் கொண்டுவந்து வீட்டு நடுவுல வை, அப்புறம் நீ எதைச் சொன்னாலும் அக்கா தலையாட்டுறேன்னேன். 'எதைச் சொன்னாலுமா?' எதைச் சொன்னாலும். 'இதை வாய்ஸ் மெசேஜா அனுப்புக்கா'ன்னான். ஆசையாக் கேக்கான்னு அனுப்பிட்டேன். இப்பவும் இருக்கு அவன் போன்ல, என் குரலு. எதைச் சொன்னாலும், எதைச் சொன்னாலும்னு ரெண்டு தடவை சொல்லித் தொலைச்சிருக்கேன்.

தை பிறக்க வந்தான். கம்பெனி மாறுறானாம், நடுவுல நாப்பது நாளு. கையில ஒரு சூட்கேஸ், தோள்ல ஒரு பை. மெஷின் எங்கடான்னேன். தனியா வருதுக்கான்னான். அன்னைக்குச் சாயந்திரமே ஆட்டோவுல கொண்டுவந்து இறக்கினான். ஃபேன் வந்த அட்டைப்பெட்டி, நம்ம பஜார்க் கடைப் பேரு போட்டது. கஸ்டம்ஸ்காரங்க ஒரிஜினல் பெட்டியைக் கிழிச்சிருப்பாங்க, பிள்ளை வேற பெட்டியில கட்டியிருக்கான்னு நானே நினைச்சுக்கிட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல, கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?

திறந்தா அதேதான். வெள்ளை நிறம், சைனா எழுத்து, ஜப்பான் எழுத்து, ஏதோ ஒண்ணு, இரும்புப் பெட்டி எல்லாம். கம்பியை அமுக்குனேன். நூல் தானா உள்ள போயி வெளிய வந்துச்சு. அழுதுட்டேன் தங்கச்சி. நெசமாவே அழுதேன். மூணு வருசமா எந்தப் பிள்ளையைக் கூப்பிடலாம்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தவ நான். தம்பி பக்கத்துல நின்னு என் தோளைத் தட்டிக் குடுத்தான்.

மூணு நாளு தெருவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். கோமதின்னு ஒருத்தி, எதிர்வீட்டுக்காரி, மூக்கைச் சொரிஞ்சுக்கிட்டே, 'ஏக்கா, இது புளோரா டீச்சர் வீட்டு மெஷின் மாதிரியே இருக்கே'ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. 'மாதிரிதான் இருக்கும். அவளுது சைனா. இது ஒரிஜினல், என் தம்பி கையால கொண்டுவந்தது'ன்னேன். அவ காபியைக் குடிச்சிட்டுப் போயிட்டா. தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.

நாலாம் நாளு மத்தியானம், சாப்பாட்டுல உக்காந்து சொன்னான். 'அக்கா, இது புளோராவோட மெஷின். ஆறு வருசத்துக்கு முன்னாடி அவ பிறந்தநாளுக்கு நான் வாங்கி அனுப்புனது. வேற எங்கயும் கிடைக்கல. நீ அதேதான் வேணும்னே. அவகிட்ட சொன்னேன். அக்காவுக்கு நூல் கோக்கக் கஷ்டம்னா குடுத்துருங்க, நான் உங்களோட வந்துட்டா எனக்கு இது எதுக்குன்னுட்டா.' போட்டோவைப் பார்த்த உடனே அவனுக்குத் தெரிஞ்சுபோச்சாம், அவ மேசைன்னு, அவ ஜன்னல்னு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் குடுத்தாச்சாம். முப்பது நாள்ல கல்யாணம். 'நீ தலையாட்டுறேன்னு சொல்லியிருக்கேக்கா.'

இவ்வளவையும் கேட்டேன். கத்தல, அழல. எந்திரிச்சுக் கை கழுவினேன். சரி, மெஷினை ஓட்டிப் பாப்போம்னு போனேன். அங்கதான் கை தவறிப் போச்சு. ஒயரைப் பெட்டியில சொருகுறதுக்குப் பதிலா செவத்துல சொருகிட்டேன். அவ்வளவுதான்.

எப்படின்னா கேக்கீங்க? அந்த ஊரு பின்னு ரெண்டும் தட்டையா இருக்கும், நம்ம ஊரு ஓட்டைக்குள்ள போகாது. அதுக்கு ஒரு அடாப்டர் வேணும். தம்பி போன் சார்ஜர்ல ஒண்ணு இருந்துச்சு. அவன் ரூமுக்குப் போயி, சார்ஜரைக் கழட்டி, அடாப்டரை எடுத்துட்டு வந்து, மாட்டி, சொருகி, சுவிட்சைப் போட்டேன். கை தவறிப் போச்சு. யாருக்கும் வாரதுதான.

'டப்'புன்னு ஒரு சத்தம். அப்புறம் கருகின வாசம். மேல லைட்டு ஒரு தடவை பளிச்சுன்னு எரிஞ்சு, போயிருச்சு. தம்பி ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினான். என் கையைத்தான் பார்த்தான் முதல்ல. 'ஷாக் அடிச்சுச்சாக்கா?'ன்னான். மெஷினைத் திரும்பிக்கூடப் பாக்கல. என்னை ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக் கூடத் தேவலை.

விருதுநகர் வந்துருச்சா? பரோட்டா வாசம் வருது பாருங்க. சரி, சொல்லி முடிச்சிருதேன்.

மறுநாள் காலையில வாசல்ல வந்து நிக்கா. யாரு? அவதான், புளோரா. கையில ஒரு மஞ்சப் பை. என் படியில ஏறல, கீழயே நிக்கா. 'மெஷின் போனாப் போகுதுக்கா, அது ஒரு சாமான்'ன்னா. 'ரிஜிஸ்டர் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை வரவேற்பு வச்சிருக்கோம். பட்டு ஜாக்கெட் நீங்கதான் தைக்கணும். முன்னாடி நீங்க தைச்சுக் குடுத்ததையே அளவுக்குக் கொண்டுவந்திருக்கேன்.' வாங்கிப் பார்த்தேன். காலேஜ் படிக்கும்போது நான் தைச்சுக் குடுத்த ஜாக்கெட் தங்கச்சி. சாயம் போயிருக்கு, கைக்குழி இன்னமும் சுருங்கல. 'இது இப்பப் பத்துமா உனக்கு'ன்னு கேட்டேன். பத்து வருசத்துக்கு மேல அவகிட்ட நான் பேசின முத வார்த்தை அது. 'இடுப்புல ரெண்டு இஞ்சு கூட்டணும்க்கா'ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. டேப்பை எடுத்துட்டு வந்தேன். அளவு எடுக்கணும்னா படியில ஏறித்தான வரணும்? ஏறி வான்னேன்.

மத்தபடி எனக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்ல. பட்டு பாழாப் போகக் கூடாதுல்ல, அதுக்குத்தான். போன திங்கக்கிழமை ரிஜிஸ்டர் முடிஞ்சுச்சு. நான் போகல. எங்க வீட்டுக்காரர் போயி சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு, லட்டு வாங்கிட்டு வந்து என் முன்னாடியே திங்காரு. வெக்கமில்லாத மனுசன்.

ஜாக்கெட்டு வெட்டியாச்சு. கைக்கு முனையில பொடிப்பூ போடணும், அது இந்த மெஷின்லதான் வரும். என் பழைய மெஷின்ல நேர்த்தையல்தான். ஆளு வச்சுக் கைவேலை போட்டா ஆகாதான்னு கேப்பீங்க. ஆகும். எனக்கு இதுல போடணும்னு இருக்கு. மதுரையில டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பாய் இருக்காரு, வெளிநாட்டு மெஷின் எல்லாம் பிரிப்பாராம். போன்ல பேசினேன். முதல்ல அந்தத் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கம்மான்னாரு. டாகுமெண்ட்டாவே அனுப்பினேன், எழுத்து எழுத்தாத் தெரியுது. 'ஃபியூஸ் போயிருக்கும், கண்டென்சர் வெடிச்சிருக்கும். அது மட்டும்னா இன்னைக்கே ரெடி. உள்ள சிப்பும் போயிருந்தா அந்த மாடலுக்குப் போர்டு கிடைக்கிறது கஷ்டம்'னாரு. அதான் கையோட கொண்டு போறேன். கோவில்பட்டியில இருந்து செண்பகவல்லி அம்மனை நினைச்சுக்கிட்டே வாரேன், சிப்பு மட்டும் போயிருக்கக் கூடாது தாயேன்னு.

திருமங்கலமா? அதுக்குள்ளயா?

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் தங்கச்சி. அன்னைக்குச் சாப்பாட்டுல அவன் கடைசியா ஒண்ணு சொன்னான். யாருகிட்டயும் சொல்லல நான், வீட்டுக்காரர்கிட்டக் கூட. நீங்க மதுரையில இறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்லுதேன்.

ரசத்தை ஊத்திக்கிட்டே சொன்னான். கோவமா இல்ல, சிரிச்சுக்கிட்டுத்தான். 'அக்கா, பதினோரு வருசத்துக்கு முன்னாடி நானும் உன்கிட்ட ஒரு போட்டோ காட்டுனேன். புளோரா போட்டோ. நீ பார்த்துட்டு, பொண்ணு லட்சணமாத்தான்டா இருக்கா, இதே மாதிரி நம்ம ஆளுகள்லயே ஒண்ணு பாத்திருவோம்னே. நான் சரின்னுட்டேன். மெஷினுக்கு மட்டும் ஏன்க்கா, இதே மாதிரி வேற ஒண்ணு பாத்திருவோம்னா நீ சரின்னு சொல்ல மாட்டேங்குற?'

அதைக் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சுக் கை கழுவப் போனேன்.

இன்னும் அவனுக்கு நான் பதில் சொல்லல. அவனும் திரும்பக் கேக்கல, கேக்க மாட்டான். வரவேற்பு ஞாயித்துக்கிழமை. இன்னைக்கு வியாழன். பாய் இன்னைக்குக் குடுத்தார்னா நாளைக்குப் பூவைப் போட்டு, சனிக்கிழமை கொக்கி வச்சு, அவ கையில குடுத்திரலாம்.